திறக்கும் முகவரி, தவறான பொருள்: மொத்த மாற்றத்தில் நான் வைத்திருக்கும் சோதனைகள்

சமையலறைச் சாதனங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனத்தின் கூகுள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பொங்கல் சலுகைக்கு முன்னால் சில நூறு விளம்பரங்களில் தலைப்பில் இருக்கும் விலையையும், விளம்பரத்தைத் தட்டினால் போய்ச் சேரும் பக்கத்தின் முகவரியையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் சலுகையே முடிந்துவிடும். அதனால் கணக்கிலிருந்து விளம்பரங்களை விரிதாளாக இறக்கி, அதில் மாற்றி, மறுபடி ஏற்றும் வழியில் போனோம். அந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் எப்படி நுழைகின்றன, அவற்றை எங்கே பிடித்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

இறக்கிய தாளில் முதலில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்தேன். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அது கைகொடுக்கும். Ad ID என்ற நெடுவரிசையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். எந்த விளம்பரத்தைத் திருத்துகிறோம் என்பது அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. எக்ஸெலில் அந்த நீள எண் 6.12E+11 என்று சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும். எண்ணைச் சேமிக்கும் முன் அந்த நெடுவரிசையின் வடிவத்தை முழு எண்ணாக மாற்றிக்கொள்வது அவசியம்.

தலைப்புக்கு வருகிறேன். ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். LEN என்ற சூத்திரம் தமிழில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ‘கிரைண்டர்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. LEN அதை 9 என்கிறது. அதனால் கண்ணால் எண்ணி முடிவு செய்யாமல், இந்த ஒரு வரியை எல்லா வரிசைகளுக்கும் போட்டுவிடுவேன்:

```
=AND(LEN(D2)>0, LEN(D2)<=30, D2=TRIM(D2))
```

நீளம் சரியா, முன்னும் பின்னும் தேவையில்லாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்த முடிவை எப்படி வடிகட்டுகிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். FALSE என்று வந்த வரிசைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாது. விலைப்பட்டியலில் பொருள் கிடைக்காமல் தலைப்பே #N/A ஆகியிருந்தால், சோதனையின் விடையும் #N/A தான். அது FALSE பட்டியலில் வராது. ஆகவே TRUE அல்லாத எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: விலையைத் தலைப்போடு TEXT சூத்திரத்தால் ஒட்டும்போது, விலைக் கட்டம் காலியாக இருந்தால் அது 0 என்று எழுதிவிடும். ‘கிரைண்டர் ₹0 முதல்’ என்பது நீளத்தில் எந்தக் குறையும் இல்லாத தலைப்பு. மேலே உள்ள சோதனை அதைச் சந்தேகமே படாமல் அனுப்பி வைக்கும். விலையைத் தனியாக மூலப்பட்டியலோடு ஒப்பிட்டால்தான் மாட்டும்.

இதே விஷயம் முகவரியில் இன்னும் பெரிதாக வந்தது. மேசை கிரைண்டர் ஒன்றுக்கு ஊர்வாரியாக விளம்பரக் குழுக்கள் இருந்தன: சென்னை, மதுரை, கோவை, சேலம் என்று. எல்லாமே ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும். நிறுவனத்தில் இருந்த தம்பி ஒருவர் முகவரியை முதல் வரிசையில் ஒட்டிவிட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார். எக்ஸெல் ஓர் எழுத்துத் தொடரின் கடைசியில் எண் இருந்தால், இழுக்கும்போது அதை ஒவ்வொன்றாகக் கூட்டும்:

```
https://www.example.com/p/table-grinder-2041
https://www.example.com/p/table-grinder-2042
https://www.example.com/p/table-grinder-2043
```

இது 404 கொடுத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை. பல கடைத் தளங்களைப் போல அந்தத் தளமும் முகவரியின் கடைசி எண்ணை மட்டும் வைத்துப் பொருளைத் தேடுகிறது. நடுவில் உள்ள பெயரைப் பொருட்படுத்துவதில்லை. 2042 என்பது வேறு ஏதோ ஜாடி, 2043 ஓர் அடுப்பு. எல்லாப் பக்கமும் அழகாகத் திறந்தன. “மேடம், நான் லிங்க் எல்லாம் திறந்து பார்த்துட்டேனே, எல்லாம் வேலை செய்யுதே” என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான். முகவரி உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அது சரியான பதில். மதுரைக்காரர் கிரைண்டர் விளம்பரத்தைத் தட்டினால் கிரைண்டர் வருமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தாளுக்கு உள்ளே கிடைக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். தளத்தின் நிர்வாகப் பக்கத்திலிருந்து பொருள் எண், விலை, முகவரி மூன்றையும் புதிதாக இறக்கி Master என்ற தனித் தாளில் வைத்தோம். விளம்பரத் தாளில் எதையும் நகலெடுத்து அதை உருவாக்கக் கூடாது. பிழையும் சேர்ந்து நகலாகிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு இது:

```
=EXACT(G2, XLOOKUP(B2, Master!A:A, Master!C:C))
```

B நெடுவரிசையில் பொருள் எண், G-யில் முகவரி. VLOOKUP பழக்கம் உள்ளவர்கள் கடைசியில் FALSE போடாமல் விட்டால், அது சரியாகப் பொருந்தாத வரிசையின் முகவரியைக்கூட எடுத்துக் கொடுத்துவிடும், பிழை என்றும் சொல்லாது. XLOOKUP தானாகவே முழுப் பொருத்தம்தான் தேடும் என்பதால் இந்த வேலைக்கு அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பொருள் எண்ணே தவறாக இருந்தால் இந்த ஒப்பீடும் ஏமாறும். அதற்காகக் கூகுள் ஷீட்ஸில் இன்னொரு நெடுவரிசை:

```
=IMPORTXML(G2,"//h1")
```

இது அந்தப் பக்கத்தைத் திறந்து அதன் பெரிய தலைப்பை எடுத்து வந்து கட்டத்தில் வைக்கும். விளம்பரத் தலைப்பையும் பக்கத் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை ஓட்டினால், கிரைண்டருக்கு எதிரே அடுப்பு நிற்பது சட்டென்று தெரியும். ‘பொருள் இருப்பில் இல்லை’ என்று சொல்லும் பக்கங்களும் சில தளங்களில் இதிலேயே மாட்டும். நூற்றுக்கணக்கான வரிசைக்கு ஒரே நேரத்தில் போட்டால் தாள் திணறும். திரும்பத் திரும்ப வரும் முகவரிகளை நீக்கிவிட்டுத் தனித்தனி முகவரிகளுக்கு மட்டும் போடுவது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தலைப்பை வரையும் தளங்களில் இது வெறுமையாகவோ #N/A என்றோ வரும், அங்கே கையால் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இழுக்கும் பிரச்சினைக்கு மருந்து எளிது. முகவரி உள்ள முதல் கட்டத்தையும் அதற்குக் கீழே நிரப்ப வேண்டிய கட்டங்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் எண் கூடாமல் அப்படியே நகலாகும். தம்பிக்கு அதைக் காட்டினேன். இப்போது அவர் மூலையைத் தொடுவதே இல்லை.

ஏற்றும் இடத்தில் Preview உண்டு. அதில் நான் முதலில் பார்ப்பது மாற்றங்களின் எண்ணிக்கை. நான் மாற்ற நினைத்த வரிசைகளின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் Apply பக்கம் போகவே மாட்டேன். திருத்தமாக வர வேண்டியது புதிய விளம்பரமாக வந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதலில் சேலம் குழுவை மட்டும் ஏற்றினோம். திருத்திய விளம்பரங்கள் மறுபடி பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வேலை நாளுக்குள் முடிந்துவிடும் என்று கூகுள் சொல்கிறது. சேலம் விளம்பரங்களுக்கு ஒப்புதல் வந்ததும், கைபேசியில் விளம்பர முன்னோட்டத்தைத் திறந்து பக்கத்தையும் விலையையும் பார்த்துவிட்டு மற்ற ஊர்களை ஏற்றினோம். சலுகை தொடங்கும் நாளுக்கு முந்தின வேலை நாளுக்குள் எல்லாம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்றால், சேலம் ஏறும் நாள் அதற்கும் முன்னால் இருக்க வேண்டும். அடுத்த பண்டிகைக்கு நாட்காட்டியில் அந்த நாளைத்தான் முதலில் குறித்து வைத்திருக்கிறோம்.