அண்ணனுக்கு ஒரு வாழ்த்து மடல்

எங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லைன்மேன் அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். வாழ்த்து மடலை நான்தான் வாசிக்க வேண்டும் என்று போர்மேன் சொல்லிவிட்டார். கம்பத்தில் ஏறப் பழக்கியவர் அவர்தான், அதனால் மறுக்க வழியில்லை.

பழைய மடல் ஒன்றைப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். "கடமையே கண்ணாக, புன்னகையே அணியாக" என்று போனது. பெயரை மாற்றினால் தாசில்தாருக்கும் பொருந்தும். கிழித்துப் போட்டுவிட்டு, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதினேன்.

"அண்ணே, சப்ஸ்டேஷனில் சப்ளையை நிறுத்தி லைன் கிளியர் வாங்கியாச்சு என்றால் நான் கம்பத்தில் கால் வைத்துவிடுவேன். நீங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்துவீர்கள். லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்தால் மட்டும் போதாது, மூன்று பிளேடும் விலகியிருக்கிறதா என்று அண்ணாந்து பார் என்பீர்கள். கைப்பிடி கீழே வந்திருக்கும், மேலே ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் பூட்டு போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்வீர்கள்.

அதற்கும் மேலே, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு. முதலில் மண்ணில் அடித்த கம்பியோடு இணைப்பு, அதன் பிறகுதான் லைனில் கொக்கி. கழற்றும்போது லைன் முதலில், மண் கடைசியில். லைனே செத்துக் கிடக்கிறதே, இது எதற்கு என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

அந்தப் புயலுக்கு மறுநாள்தான் புரிந்தது. ஸ்விட்ச் திறந்திருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. நீங்கள் ராடை நீட்டியதும் 'சட்'டென்று பொறி பறந்தது. கல்யாண மண்டபத்துக்கென்றே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அது. மண்டபத்தில் மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இறங்கி வரும் 433 வோல்ட், அதே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் 11,000 வோல்ட். அந்த லைனில் நான் கை வைத்திருக்க வேண்டியது. நீங்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. நேரே மண்டபத்துக்குப் போய் மேனேஜரைத்தான் திட்டினீர்கள்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் சட்டையை நான் பிடிக்கிறேன். நீங்கள் நல்லபடியாக இருங்கள் அண்ணே."

மாலை, சால்வை, ஏஇ சாரின் பேச்சு எல்லாம் முடிந்து என் முறை வந்தது. மண்டப விஷயம் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது, தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். அண்ணி அந்தப் பொறிக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார் போல, அண்ணனை ஒரு முறை முறைத்தார்.

அண்ணன் மடலை வாங்கி, கண்ணாடி போட்டு, முழுசாகப் படித்தார். "எல்லாம் சரிடா. வேலை செய்யும் இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் போடணும்னு எழுதலையே? ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னு உனக்கு ஜோசியமா தெரியும்?" என்றார்.

அந்தப் பையன்களில் ஒருவன் பேனா கொடுத்தான். ஓரத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் மடலை மடித்துப் பையில் வைத்தார்.