தம்பியின் பிரஷர்: ஒரு நர்ஸின் நாட்குறிப்பு

மே 3, சனி

சித்திரைத் திருவிழாவுக்காகத் தம்பி சென்னையிலிருந்து வந்திருக்கிறான். பையை இறக்கி வைத்த கையோடு, "அக்கா, ஆபீஸ்ல செக்கப் பண்ணாங்க, பிரஷர் 150/98ன்னு எழுதிட்டாங்க. படியேறி வேகமா போனேன், அதான்" என்றான். அவனுக்கு வயது 33. பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கான ஓ.பி.யில் நர்ஸாக எனக்கு ஒன்பது வருட அனுபவம். "படியேறி வந்தேன்" என்ற சமாதானத்தை வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

அதனால் ஒழுங்காகப் பார்ப்போம் என்று உட்காரவைத்தேன். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னேன். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. அவனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கை தொங்கினாலும், பேசிக்கொண்டே இருந்தாலும், கஃப் சின்னதாக இருந்தாலும் அளவு பொய்யாக ஏறிவிடும். அவன் மேல்கைச் சுற்றளவு 28 செ.மீ.தான், சாதாரண கஃப் சரியாகப் பொருந்துகிறது. ஆக, அதன்மேலும் பழிபோட முடியாது.

முதல் தடவை 148/96, ஒரு நிமிடம் விட்டு 146/96. இன்னொரு கையிலும் கிட்டத்தட்ட அதேதான்.

"சரி, ஒரு வாரம் பார்க்கலாம்" என்றேன். ஒரு நாள் அளவை வைத்து யாருக்கும் பிரஷர் என்று முத்திரை குத்தக் கூடாது.

மே 4, ஞாயிறு

இன்று காலையிலிருந்து கணக்கு ஆரம்பம். காலையில் சாப்பாட்டுக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்தால் 140/90 எல்லை. வீட்டில் பார்க்கும்போது 135/85ஐத் தாண்டினாலே அதிகம்.

அப்புறம் டேப்பை எடுத்தேன். "நான் குண்டா இல்லையேக்கா" என்கிறான். இல்லைதான். உயரம் 170, எடை 71 கிலோ, பிஎம்ஐ 24.6. பொதுவான அட்டவணைப்படி 25க்குக் கீழே, அதாவது நார்மல். கை, கால், முகம் எல்லாம் ஒல்லிதான். சட்டையைக் கழற்றினால்தான் வயிறு தெரிகிறது.

பேண்ட் சைஸ் 34 என்றான். இந்தப் பேண்ட் சைஸை நம்பித்தான் நம் ஆண்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தொப்பை வந்தால் பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்ளும், சைஸ் மட்டும் மாறாது. டேப்பை வைக்கும் இடம் வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டதும், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். 98 செ.மீ. வந்தது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு 94 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். பிஎம்ஐயிலும் நமக்கு 23இலிருந்தே அதிக எடை என்று கணக்கு.

நமக்கு மட்டும் ஏன் தனி அளவு என்று கேட்டான். புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் போட்ட படத்தைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. தம்பி ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 6, செவ்வாய்

"வயித்துல இருக்கிற கொழுப்புக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?" இரவுச் சாப்பாட்டில் அம்மாவின் கேள்வி.

கையால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. அதைவிட வம்பு பண்ணுவது குடலையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சுற்றி உள்ளே சேர்வதுதான். தோலுக்கடியில் சேர்த்து வைக்கும் இடம் நமக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் மிச்சம் உள்ளே போகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. உள்ளே போனது சும்மா இருப்பதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி நின்று நெருக்குகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் ஹார்மோன் வரிசையைத் தூண்டிவிடுகிறது. இன்சுலின் வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடிப்போகும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், குழாயில் அழுத்தம் ஏறும்.

"அப்ப உப்பும் சேர்ந்தா?" என்று கேட்டுவிட்டு அம்மா ஊறுகாய் ஜாடியை மெல்ல நகர்த்தி வைத்தார்.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில் பார்த்துவிட்டு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். அப்பாவிடம் கேட்டேன், "உங்களுக்கு எப்ப பிரஷர் வந்துச்சு?"

"ரிடையர் ஆகுற சமயத்துல. வயசானா வர்றதுதானே."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் ஸ்கூல் படிக்கும்போதே மாத்திரை போட்டீங்க" என்றார். எல்.ஐ.சி. பேப்பர்கள் இருக்கும் சூட்கேஸைத் திறந்து தேடினோம். பழுப்பேறிய சீட்டு ஒன்று கிடைத்தது. 2001, அம்லோடிபின் 5. அப்பா 1958இல் பிறந்தவர். அப்போது அவருக்கு 43.

இந்த வயதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஓ.பி. சீட்டில் குடும்பத்தில் பிரஷர் உண்டா, இல்லையா என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் டிக் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் வயதான பிறகு பாதிப் பேருக்குப் பிரஷர் வந்துவிடுகிறது, வெறும் டிக் எதையும் சொல்லாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்த ஆய்விலிருந்து 2017இல் ஒரு முடிவு வெளியானது. பெற்றோருக்கு 55 வயதுக்கு முன்பே பிரஷர் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. 55க்குப் பிறகு வந்திருந்தால் அப்படி இல்லை. பெரும்பாலும் வெள்ளையர்கள் இருந்த ஊர் அது, எண்ணிக்கையை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: எந்த வயதில் வந்தது?

பாட்டிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததையும் அப்பா அப்போதுதான் சொன்னார். பாட்டிக்கு அறுபதுகூட ஆகவில்லையாம். அதைக் காத்துக் கருப்பு என்றே வீட்டில் பேசிப் பழகிவிட்டார்கள். பிரஷரை யாரும் பார்க்கவே இல்லை.

மே 10, சனி

ஏழு நாள் முடிந்தது. 24 அளவுகளின் சராசரி 143/93. காலையில்தான் அதிகம். ஆஸ்பத்திரியைப் பார்த்த பயத்தில் ஏறும் பிரஷரும் இல்லை இது, வீட்டுச் சோபாவில் எடுத்தது.

அவனுக்குத் தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது. "ஒண்ணுமே தெரியலையேக்கா" என்று இன்னமும் சொல்கிறான். பிரஷர் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இண்டர்ஹார்ட் என்ற ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தவர்களில் தெற்காசியர்களின் வயது 53ஐ ஒட்டியும் மற்ற நாட்டவர்களுடையது 59ஐ ஒட்டியும் இருந்தது. எல்லாமே நமக்குச் சில வருடம் முன்னால் தொடங்குகிறது. ஒன்றும் தெரியாமல் போகிற வருடங்களும் அதில் சேர்த்தி.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியதைக் கூட்டத்தில் நின்று பார்த்தோம். தூக்கம் இல்லாததால் அளவு எடுக்கவில்லை, எடுத்தாலும் பொருள் இருந்திருக்காது.

இன்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். நாற்பதுக்குக் கீழே பிரஷர் வந்தால், குடும்பம், தொப்பை என்று உடனே முடிவுகட்டாமல் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். காலில் நாடி பார்த்தார். குறட்டை உண்டா, வலி மாத்திரை அடிக்கடி போடுவாரா என்று கேட்டார். கஷாயம் ஏதாவது குடிக்கிறாரா என்றதும் தம்பி என்னைப் பார்த்தான். தொண்டைக்கு நல்லது என்று அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த அதிமதுரப் பொடியைத் தினமும் குடித்து வந்திருக்கிறான். எனக்கே தெரியாது. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் உடம்பில் உப்பு நிற்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

மே 15, வியாழன்

ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 4.3, நார்மல். ஆக அதிமதுரம் முக்கியக் குற்றவாளி இல்லை என்றார் டாக்டர். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, இசிஜி எல்லாம் சரி. சிறுநீரில் மட்டும் அல்புமின் என்ற புரதம் 48, இருக்க வேண்டியது 30க்குள். சிறுநீரகத்தின் வடிகட்டி ஏற்கெனவே அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் இது. ஒரு தடவையில் முடிவு சொல்ல முடியாது, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதுவரை நடைப்பயிற்சியை மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று தம்பி பேரம் பேசினான். அல்புமின் 48ஐக் காட்டி டாக்டர் மறுத்துவிட்டார். டெல்மிசார்டன் 40, தினம் ஒன்று. இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும், அந்த மாத்திரையால் இரண்டும் ஏற வாய்ப்பு உண்டு.

மே 30, வெள்ளி

சென்னையிலிருந்து போன். பொட்டாசியம் 4.5, கிரியாட்டினின் மாறவில்லை. காலை அளவு 131/84. "அப்ப நிறுத்திடலாமா?" என்றான். மாத்திரை போட்டதால்தான் 131. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

உப்புக் கணக்கு எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சமையலில் குறைத்துவிட்டானாம். எழுதிப் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்திருக்கிறது: மதியம் ஹோட்டல் சாம்பார், மாலையில் மிக்சர், ராத்திரி அப்பளம்.

ஜூலை 27, ஞாயிறு

வந்திருக்கிறான். எடை 67, இடுப்பு 94. ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்பது கணக்கு, பெரிய மாயம் ஒன்றும் இல்லை. எல்லைக்கு இன்னும் நாலு செ.மீ. பாக்கி. அல்புமினை அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.

அவனை அளந்த டேப்பை என் இடுப்பிலும் சுற்றினேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தேன். 84. பிரஷர் 128/84. எனக்கு 37 வயது, அப்பா அதே அப்பாதான். தம்பி ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவன் மகளுக்கு இரண்டு வயது. கிளம்பும் முன் அவளுடைய தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. "பிரஷர்: தாத்தா 43, அப்பா 33" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.