கடை பாத்ரூமுக்கு பயந்து தண்ணி குடிக்காம இருந்த கதை

திருச்சில ஒரு பெரிய ஜவுளிக்கடைல பட்டு செக்‌ஷன்ல நிக்கிறேன். எங்க ஃப்ளோர் மூணாவது மாடி, லேடீஸ் ஸ்டாஃப் பாத்ரூம் பேஸ்மென்ட்ல குடோனுக்குப் பின்னாடி, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான். போகணும்னா ஃப்ளோர் மேனேஜர் அண்ணன்கிட்ட சொல்லணும், அவர் நோட்டுல டைம் எழுதுவார், எல்லார் முன்னாடியும் கேக்கவே கூச்சமா இருக்கும். கீழ போனா தாழ்ப்பாள் சரியா விழாது, தரை முழுக்க ஈரம், பேட் போட டஸ்ட்பின் கிடையாது. 2021ல உக்கார்றதுக்கு சட்டம் வந்து எங்களுக்கும் ஸ்டூல் வந்துச்சு, பாத்ரூம் மட்டும் அப்படியேதான் இருக்கு.

அதனால எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் ஒரே பழக்கம், காலைல வீட்ல போயிட்டு கிளம்புவோம், மதியம் சாப்பிடறப்ப தொண்டைய நனைக்கிற அளவு தண்ணி, அப்புறம் ராத்திரி வீட்டுக்குப் போய்தான். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் "அந்த பாத்ரூம் போனா இன்ஃபெக்‌ஷன் வந்துரும்டி"ன்னு சீனியர் அக்காங்களே சொல்லிக் குடுப்பாங்க.

எனக்கு போன வருஷம் யூரின் போறப்ப எரிச்சல் ஆரம்பிச்சுச்சு, சொட்டு சொட்டா போகும், போயிட்டு வந்த உடனே திரும்ப போகணும்போல இருக்கும், அடிவயிறு இழுக்கும். மெடிக்கல் ஷாப்ல சொன்னா ஒரு மாத்திரையும் எரிச்சலுக்கு ஒரு சிரப்பும் குடுப்பாங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வரும், மறுபடி அதே மாத்திரை. கடைசியா ஒரு தடவை அந்த மாத்திரை கேக்கவே இல்ல, அப்பதான் லேடி டாக்டர்கிட்ட போனேன்.

அவங்க முதல்ல கேட்டது ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போறீங்கன்னுதான். சொன்னதும் பேனாவை வச்சிட்டாங்க. ஆறு மாசத்துல ரெண்டு தடவையோ வருஷத்துல மூணு தடவையோ வந்தா அதுக்குப் பேரே திரும்பத் திரும்ப வர்ற இன்ஃபெக்‌ஷன், இனிமே டெஸ்ட் இல்லாம மாத்திரை கிடையாதுன்னு சொல்லி யூரின்ல இருக்கற கிருமிய லேப்ல வளத்துப் பாக்கற கல்ச்சர் டெஸ்ட் எழுதினாங்க. மாத்திரை போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் குடுக்கணுமாம், இல்லன்னா கிருமி வளராது. நான் முதல்ல குடுத்த சாம்பிள்ல "மிக்ஸட் க்ரோத், ரிப்பீட்"னு வந்துச்சு, வெளிக் கிருமியும் கலந்துருச்சாம், லேப் அக்காதான் பொறுமையா சொன்னாங்க, நல்லா கழுவிட்டு முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத மட்டும் டப்பால பிடிங்க, டப்பா உள்பக்கம் கை படக்கூடாது, உடனே லேபுக்கு வந்தரணும்னு. ரெண்டாவது ரிப்போர்ட்ல ஈ.கோலைங்கற கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல. கீழ மருந்து லிஸ்ட்ல நான் மெடிக்கல்ல வாங்கி வாங்கி போட்ட மாத்திரைக்கு நேரா "ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்துச்சு, அதுக்கு இந்த கிருமி அடங்காதுன்னு அர்த்தம். நைட்ரோஃப்யூரன்டாயின் அஞ்சு நாள் கோர்ஸ் குடுத்தாங்க, சாப்பாட்டோட போடணும், யூரின் அடர் மஞ்சளா, பழுப்பா கூட போகும் பயப்படாதீங்கன்னாங்க. சுகரும் பாத்தாங்க, நார்மல்.

நான் கேட்டேன், மேடம் நான் கடை பாத்ரூமே போறதில்லையே எப்படி வந்துச்சுன்னு. அந்த ஈ.கோலை பாத்ரூம்லேருந்து ஏறி வர்றது ரொம்ப அபூர்வம், நம்ம குடல்லயே இருக்கறதுதான்னாங்க. பொம்பளைங்களுக்கு யூரின் குழாய் நாலு சென்டிமீட்டர்தான், கிருமி ஈஸியா உள்ள போயிடும், போனத வெளிய தள்றதே நாம அடிக்கடி யூரின் போறதுதான், நாள் முழுக்க அடக்கினா அது யூரின் பைக்குள்ள உக்காந்து பெருகிட்டே இருக்கும். அழுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்ல சீட்ல படாம அந்தரத்துல குனிஞ்சு நின்னு போறதும் தப்பாம், தசை இறுக்கமா இருக்கறதால முழுசா காலியாகாது, டிஷ்யூ விரிச்சாவது உக்காருங்கன்னாங்க.

தண்ணி விஷயத்துல ஒரு ஆய்வு சொன்னாங்க, 2018ல வந்தது, என்ன மாதிரி அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வர்ற, ஒன்றரை லிட்டருக்கும் கம்மியா குடிக்கற 140 பொம்பளைங்கள எடுத்து பாதி பேர தினமும் கூடுதலா ஒன்றரை லிட்டர் குடிக்க வச்சாங்களாம், அவங்களுக்கு மட்டும் ஒரு வருஷத்துல இன்ஃபெக்‌ஷன் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. பாதிதான், சுத்தமா நிக்கல. குளிர் ஜுரம், விலா பக்கம் வலி, வாந்தி வந்தா கிட்னிக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே ஆஸ்பத்திரி வரணும், இந்த மாத்திரை அதுக்குப் பத்தாதுன்னும் சொல்லி அனுப்பினாங்க.

ஆனா குடிச்சா போகணுமே. டாக்டர் லெட்டரோட செக்‌ஷன் அக்காங்க நாலஞ்சு பேர் சேந்து மேனேஜர்கிட்ட போனோம். புது பாத்ரூம் கேக்கல, தாழ்ப்பாள், மூடி போட்ட டஸ்ட்பின், நோட்டுல பேர் எழுதறத நிறுத்தணும், இவ்வளவுதான் கேட்டோம். தாழ்ப்பாளும் டஸ்ட்பின்னும் வந்துச்சு. நோட்டு போகல, ஆனா பதினொன்னரைக்கும் நாலு மணிக்கும் மாத்தி மாத்தி போயிட்டு வரலாம்னு ஆச்சு. இப்ப அரை லிட்டர் பாட்டில் கவுன்டருக்கு அடியில, மதியத்துக்குள்ள ஒண்ணு, வீட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு, மீதி வீட்ல. யூரின் வெளிர் மஞ்சளா இருந்தா போதும்.

ஆடித் தள்ளுபடில இதெல்லாம் காத்துல போச்சு, நாலு மணி பிரேக்கே கிடைக்கல, அந்த வாரம் எரிச்சல் திரும்ப வந்துச்சு. இந்த தடவை மெடிக்கல் ஷாப் பக்கம் போகாம நேரா லேபுக்குப் போய் டப்பா வாங்கிட்டேன். தீபாவளி சீசனுக்கு முன்னாடி ஆள் மாத்தி விடறதப் பத்தி மேனேஜர்கிட்ட திரும்ப பேசணும், அக்காங்க வர்றேன்னிருக்காங்க.