45 மில்லிமீற்றர் அறை

முப்பத்தாறு வருஷம் படவரைஞராக வேலை செய்தவன் நான். ரீ ஸ்குவயர், செற் ஸ்குவயர், ட்ரேசிங் பேப்பர், மை வழிந்தால் சுரண்டி எடுக்க ஒரு பிளேட், அவ்வளவுதான் என் உலகம். எழுபத்திரண்டு வயதில், வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கட்டடக்கலை படிக்கும் பேத்தியிடம், கணினியில் படம் வரையும் ஓட்டோகாட் பழக உட்கார்ந்தேன். மவுஸ் கைக்கு அடங்க இரண்டு நாள் போனது. அது பெரிய கதையில்லை. என்னை மடக்கியது அளவிடைதான்.

பலகையில் தாளை ஒட்டியதும் முதலில் தீர்மானிப்பது அளவிடையை. 1:100 என்றால் 4500 மில்லிமீற்றர் சுவர் தாளில் 45. இந்தக் கணக்கு மூளைக்குப் போகாமலே கைக்கு வந்துவிடும். திரையிலும் அப்படியே LINE கொடுத்து 45 என்று அடித்தேன். அறை அழகாக வந்தது. அளவு குறித்தபோது சுவருக்கு மேலே 45 என்றே விழுந்தது.

"அப்பப்பா, எறும்புக்கோ வீடு கட்டுறீங்கள்?"

திரையில் எல்லாவற்றையும் நிஜ அளவில்தான் வரைய வேண்டுமாம். 4500 சுவருக்கு 4500. அளவிடை வருவது கடைசியில், தாளில் வைக்கும்போது. அடியில் உள்ள Layout பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலுக்கு 1:100 கொடுக்க வேண்டும். அதே அறையை இன்னொரு ஜன்னலில் 1:50 ஆகவும் காட்டலாம். இதற்காக நான் ஒரு காலத்தில் முழுப் படத்தையும் மறுபடி வரைந்திருக்கிறேன்!

சரி, புதிதாக வரைந்தேன். அடுத்து எழுத்து. வழக்கம்போல 2.5 உயரம் கொடுத்து 'படுக்கையறை' என்று எழுதினால் ஒரு புள்ளிதான் தெரிந்தது. நிஜ அளவு அறைக்குள் இரண்டரை மில்லிமீற்றர் எழுத்து வேறெப்படித் தெரியும்? 1:100 தாளில் 2.5 வர, உள்ளே 250 கொடுக்க வேண்டும். ஆனால் அதே எழுத்து 1:50 ஜன்னலில் 5 ஆகிவிடும். அதனால் அறைப் பெயர்களை Layout தாளிலேயே 2.5 இல் எழுதச் சொன்னாள். அது என் பழைய கணக்கு, உடனே பிடிபட்டது.

பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு காலி வீதிப் பக்கம் ஒரு கடையில் ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்தோம். பழக்கதோஷம், என் முக்கோண ஸ்கேலை 1:100 பக்கம் திருப்பிச் சுவரில் வைத்தேன். 4300 காட்டியது. படத்தில் 4500 என்று எழுதியிருக்கிறது, தாளில் 43 மில்லிமீற்றர்தான் இருக்கிறது. கடைத் தம்பி "அதெல்லாம் ஒண்டுதான் ஐயா" என்றான். பேத்தி குனிந்து அவன் திரையைப் பார்த்தாள். பிரிண்ட் பெட்டியில் Fit தெரிவாகியிருந்தது. ஓரத்தில் வெள்ளை விடுவதற்காக அது முழுப் படத்தையும் கொஞ்சம் சுருக்கிவிடுகிறது. Actual size போட்டு மறுபடி எடுத்தோம்.

ஸ்கேலை வைத்தேன். 4500.

அதைக் கையில் வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்த்தவள், அப்படியே தன் பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.