ஸ்கொயர் பைப் ஸ்டாண்டு: கட்டிங் வீல் சிக்காமல் வெட்டிய கதை

மாடிச் செடிகளுக்கான ஸ்டாண்டு வேலை கட்டிங் வரை வந்திருக்கிறது. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். வெல்டிங் இனிமேல்தான்.

முதலில் வீல். வாங்கியது 100 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன், 16 மி.மீ. துளை. லேபிளில் நான் தேடியது வேகம்: 15,200 ஆர்பிஎம்-க்கு மேல் போட்டிருந்தது. என் மெஷின் தகட்டில் 12,000. வீலில் உள்ள எண் மெஷின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. 12,000-இல் நாலு இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 225 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஏழு இஞ்ச் வீலுக்கு எல்லையே 8,500 தான். அதை இந்த மெஷினில் ஓட்டினால், எல்லை வேகத்தில் அதைப் பிய்க்கப் பார்க்கும் விசையைப் போல இரண்டு மடங்கு விழும். ஐந்து இஞ்ச் வீல்தான் ஆளை ஏமாற்றும். அதில் 12,200 என்று இருப்பதால் எண் சரியாகவே தெரியும். ஆனால் துளை 22 மி.மீ., கார்டுக்குள்ளும் நுழையாது. கார்டைக் கழற்றி, புஷ் போட்டு மாட்டுபவர்கள் இதற்காகத்தான் கழற்றுகிறார்கள். வீல் உடைந்தால் துண்டுகளைத் தடுக்க இருப்பது அந்த ஒரு தகடுதான்.

துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். அது காலாவதித் தேதி. வீலின் பிசின் ஈரத்தில் வலு குறையும் என்பதால் பழைய சரக்கை வாங்கவில்லை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நட்டின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். தடித்த கிரைண்டிங் வீலுக்கு மேட்டுப் பக்கம் வீலை நோக்கி. 1 மி.மீ. வீலுக்குத் திருப்பிப் போட்டு, தட்டைப் பக்கம் வீலை நோக்கி. இல்லாவிட்டால் மேடு தட்டி நிற்கும், வீல் இறுகாது. மாட்டியபின் கையால் சுற்றிப் பார்த்து, கார்டு எனக்கும் வீலுக்கும் நடுவே வரும்படி திருப்பி, யாரும் எதிரே இல்லாத பக்கம் பார்த்து ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டினேன். நடுக்கம் இல்லை.

இனி கிக்பேக். மெஷின் திடீரென உதறுவதற்குப் பெரும்பாலும் காரணம், வெட்டுப் பிளவு மூடி வீலைக் கவ்வுவது. அதைக் கண்ணால் பார்க்க கிரைண்டர் வேண்டாம், ஹாக்சாவே போதும். பைப்பின் இரு முனைகளையும் செங்கல் மேல் வைத்து, நடுவில் மேலிருந்து அறுத்தேன். முக்கால்வாசி போனதும் பைப் தன் எடையிலேயே நடுவில் தொய்ந்து, மேல்பக்கப் பிளவு நெருங்கி, பிளேடைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் ஓடும் வீல் இருந்தால் அது நிற்கும், மெஷின் சுழலும்.

அதனால் நிஜ வெட்டுக்கு, பைப்பின் நீளமான பக்கத்தை மேஜையில் இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, வெட்ட வேண்டிய கோட்டை மேஜை விளிம்புக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி வைத்தேன். வெட்டுப்படும் துண்டு கீழே தொய்யும்போது மேல் பிளவு விரிகிறது. வெட்டுப்படும் துண்டு நீளமாக இருந்தால் மட்டும் அதன் அடியில், மேஜை மட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்வாக ஒரு மரக்கட்டை. சமமட்டத்தில் வைத்தால் மறுபடி பழைய செங்கல் கதைதான்.

பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சொன்னது: “தம்பி, பொறி எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கமே மெஷினை நகர்த்து. எதிர்ப்பக்கம் தள்ளினா அது உன் கையை விட்டு ஓடும்.” யோசித்தால் சரிதான். பொறி போகும் திசையில் தள்ளும்போது வீல் நம் தள்ளலை எதிர்க்கிறது, வேகம் நம் கையில் இருக்கிறது. எதிர்த்திசையில் வீலே தன்னை இழுத்துக்கொண்டு ஏறிவிடும். ஆனால் ஒரு விலை உண்டு: பொறி என்னைவிட்டு விலகிப் போகும்போது, உதறினால் மெஷின் என் பக்கம்தான் வரும். ஆகவே வீலின் நேர்கோட்டில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி, பக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்து நின்றேன். கண்ணாடிக்கு மேல் முகக் கவசம். லுங்கி, தொங்கும் சட்டை எதுவும் இல்லை.

நாலு பக்கமும் கோடு போட்டு, பைப்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு முகமாக வெட்டினேன். நடுவில் நிறுத்த நேர்ந்தால் வீலை வெளியே எடுத்துவிட்டு, முழு வேகம் பிடித்தபின் மீண்டும் பிளவில் இறக்கினேன். பிளவுக்குள் வைத்தபடியே சுவிட்சைப் போட்டால் கவ்வும். சத்தம் கனத்தால் பிளவு நெருங்குகிறது அல்லது நான் வீலைச் சாய்க்கிறேன் என்று பொருள். 1 மி.மீ. வீல் பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. அதனால் வெட்டு முனையின் பிசிறை அதே வீலால் தேய்க்காமல் அரத்தால் எடுத்தேன்.

45 டிகிரி மூலைகள் எல்லாம் மட்டத்துக்கு ஒத்துப்போகின்றன, ஒன்றில் மட்டும் அரை மி.மீ. இடைவெளி. வெல்டிங்கில் அடைந்துவிடும். டேக் அடித்தபின் மூட்டுகளைத் தேய்க்கத் தடித்த கிரைண்டிங் வீல் மாட்ட வேண்டும், அப்போது நட்டும் திரும்பும்.