‘கேப்ஸ்யூல் இன்டாக்ட்’ என்ற இரண்டு சொல்லால் போன மூன்று மாதம்

அல்ட்ராசவுண்ட் ஒன்று, எம்ஆர்ஐ ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘கேப்ஸ்யூல் இன்டாக்ட்’. அதை நம்பி மூன்று மாதம் ஓடிவிட்டது. மறுபடி எடுத்த எம்ஆர்ஐ என் மேசைக்கு வந்தபோது, மார்பக இம்பிளான்டின் உறை கிழிந்து ஜெல்லுக்குள் சுருண்டு கிடந்தது. முதல் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரு வகையில் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த நோயாளிக்கு 52 வயது. இடப்பக்க மார்பகத்தைப் புற்றுநோய்க்காக எடுத்து, 11 வருஷத்துக்கு முன்பு சிலிகோன் இம்பிளான்ட் வைத்திருக்கிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மேல்பக்கம் தட்டையாகி வருகிறது, அவ்வளவுதான். இம்பிளான்ட் அட்டை தொலைந்துபோயிருந்தது. எந்த வகை, ஒரே அறையா, இரண்டு அறையா என்று யாருக்கும் தெரியாது.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. இம்பிளான்டோடு கம்பெனியிலிருந்து வருவது ரப்பர் போன்ற ஓர் உறை. அதற்குள்தான் ஜெல். இதை உள்ளே வைத்ததும் உடம்பு தன் பங்குக்கு அதைச் சுற்றி நாரால் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கேப்ஸ்யூல் என்பது இந்த நார்க்கூடு மட்டும்தான். உறை கிழிந்தாலும் கூடு தாங்கிப் பிடித்திருந்தால் ஜெல் வெளியே வராது. அதற்குப் பெயர் இன்ட்ராகேப்ஸ்யூலர் ரப்ச்சர். அந்த நிலையில் ‘கேப்ஸ்யூல் இன்டாக்ட்’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் உறையைத்தான் கேப்ஸ்யூல் என்று சொல்கிறார்கள் என நினைத்துப் படிப்பவருக்கு அது ‘இம்பிளான்ட் நன்றாக இருக்கிறது’ என்று கேட்கும். இவருக்கும் அப்படித்தான் கேட்டது. அனுப்பிய டாக்டருக்கும் அப்படித்தான்.

முதலில் அல்ட்ராசவுண்ட். அதன் படங்களை வாங்கிப் பார்த்தேன். ஜெல்லுக்குள் குறுக்கே ஏணிப்படி போல வெள்ளைக் கோடுகள். கிழிந்த உறை மடிந்து கிடந்தால் இப்படித் தெரியும், ஸ்டெப்லேடர் சைன் என்பது இதைத்தான். ‘ரிவர்பரேஷன் ஆர்டிஃபாக்ட்’ என்று ஒதுக்கியிருந்தார்கள். எதிரொலிக் கோடுகள் இம்பிளான்டின் முன்பக்கத்தில் சகஜமாக வரும், எனவே சந்தேகம் நியாயமானதே. ஆனால் பிரித்துப் பார்க்க வழி உண்டு. எதிரொலிக் கோடுகள் சம இடைவெளியில், புரோபின் முகத்துக்கு இணையாக வரும். புரோபைச் சாய்த்தால் கூடவே சாயும், ஆழம் போகப் போக மங்கும். உறையின் கோடுகள் வளைந்து நெளிந்து, நீளம் ஒன்றுக்கொன்று மாறி இருக்கும். எந்தக் கோணத்தில் வைத்தாலும் அதே இடத்தில் நிற்கும், ஆழத்திலும் தெரியும். இவர் படங்களில் மூன்றாவது, நான்காவது கோடுகள் அடியில் வளைந்து கிடந்தன. புரோபைத் திருப்பி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

அதே அல்ட்ராசவுண்டில், தொலைந்த அட்டைக்குப் பாதி பதில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒலி உடல் திசுவில் விநாடிக்கு சுமார் 1540 மீட்டர் போகும் என்று வைத்துத்தான் மெஷின் ஆழத்தைக் கணக்கிடுகிறது. சிலிகோனில் அது ஏறக்குறைய 1000 மீட்டர்தான் போகும். எதிரொலி தாமதமாகத் திரும்புவதால், 4 செ.மீ. ஜெல் திரையில் 6 செ.மீ.க்கு மேல் தெரியும். இம்பிளான்ட் முடியும் ஓரத்தில் மார்புச் சுவரின் கோடு படிக்கட்டு மாதிரி டக்கென்று கீழே இறங்கும். அந்த இறக்கம் இருந்தால் உள்ளே இருப்பது சிலிகோன். உப்புநீர் நிரப்பியதாக இருந்தால் கோடு நேராகப் போகும். அட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு இதை நிச்சயம் பாருங்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்தப் படிக்கட்டையே கிழிசல் என்று எழுதிவிடுவதும் உண்டு, அதுவும் தப்பு.

அடுத்தது எம்ஆர்ஐ. பணமும் ஒரு நாளும் வீணானது இங்கேதான். கடிதத்தில் ‘மார்பகப் புற்றுநோய், இம்பிளான்ட் உள்ளது, எம்ஆர்ஐ பிரெஸ்ட்’ என்று இருந்தது. புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் புற்றுநோய்க்கான புரோட்டோகாலைப் போட்டு, ஊசியில் கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுத்துவிட்டார்கள். கிழிசல் பார்க்கக் கான்ட்ராஸ்ட் தேவையே இல்லை. தேவையானது சிலிகோனை மட்டும் வெள்ளையாகக் காட்டும் சீக்வென்ஸ், அதாவது கொழுப்பை அடக்கும் ஸ்டிர், அதோடு தண்ணீரை அடக்கும் பல்ஸ். அது எடுக்கப்படவே இல்லை.

கொழுப்பை அணைத்து எடுத்த டி2 படமும் கெட்டிருந்தது. 1.5 டெஸ்லா மெஷினின் ஸ்பெக்ட்ரத்தில் தண்ணீரின் சிக்னல் உச்சியிலிருந்து சுமார் 220 ஹெர்ட்ஸ் தள்ளிக் கொழுப்பின் உச்சி இருக்கும். அதையும் தாண்டி இன்னொரு 100 ஹெர்ட்ஸ் அளவில் சிலிகோன். மார்பகம் எடுத்த பக்கத்தில் கொழுப்பு கொஞ்சம்தான், சிலிகோனோ நிறைய. மெஷின் தானாகத் தேடும்போது பெரிய உச்சியைக் கொழுப்பு என்று பிடித்துக்கொள்ளலாம். அப்போது கொழுப்பை அணைக்கிறேன் என்று ஜெல்லை அணைத்துவிடும். இவர் படத்தில் ஜெல் பாதி சாம்பலாக, திட்டுத் திட்டாக இருந்தது. அந்தச் சாம்பலில் கறுப்புக் கோட்டைத் தேடினால் எங்கே கிடைக்கும்? ‘உள்ளே நெளிந்த கோடுகள், மடிப்புகளாக இருக்கலாம். கேப்ஸ்யூல் இன்டாக்ட்’ என்று முடித்திருந்தார்கள்.

டெக்னீஷியன்களுக்கு ஒரு வேண்டுகோள்: இம்பிளான்ட் இருந்தால் ஆட்டோவில் விடாதீர்கள். ஸ்பெக்ட்ரம் திரையைத் திறந்து மூன்று உச்சிகளையும் கண்ணால் பார்த்து, சென்டர் ஃப்ரீக்வென்சியைத் தண்ணீரின் உச்சியில் கையால் வைத்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்.

இரண்டாவது முறை கடிதத்தை மாற்றி எழுதச் சொன்னோம்: ‘சிலிகோன் இம்பிளான்ட் கிழிந்திருக்கிறதா, சிலிகோன் சீக்வென்ஸ் தேவை, கான்ட்ராஸ்ட் வேண்டாம்’. குப்புறப் படுக்கவைத்து, மார்பகக் காயிலில், குறுக்குவாட்டிலும் பக்கவாட்டிலும் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது.

சிலிகோன் படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. வெள்ளை ஜெல்லுக்குள் கறுப்பு நாடாவை மடித்து மடித்துப் போட்டது போல உறை மிதக்கிறது. லிங்குனி என்பது இத்தாலியர்களின் தட்டையான நூடுல்ஸ். அதன் பெயரால் லிங்குனி சைன்.

ஆனாலும் உடனே எழுதிவிடக் கூடாது. நல்ல இம்பிளான்டிலும் உறை உள்ளே மடியும், அதுவும் கறுப்புக் கோடுதான். அந்த மடிப்பு ஓரத்தில் தொடங்கி உள்ளே கொஞ்சம் போய் அதே ஓரத்துக்குத் திரும்பும். இரண்டு அடுக்கு சேர்ந்திருப்பதால் கோடு தடிமனாகவும் இருக்கும். எனவே ஒவ்வொரு கோட்டையும் ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பின்தொடர வேண்டும், இரண்டு திசையிலும். இவருக்கு மூன்று கோடுகள். முன்பக்கக் கோடு ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது, அது வெறும் மடிப்பு. மற்ற இரண்டும் எட்டு ஸ்லைஸ் போயும் ஓரத்தைத் தொடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவிலேயே கிடந்தன. பின்பக்கத்தில் உறைக்கும் கூட்டுக்கும் இடையில் வெள்ளை. அதாவது உறையின் இரண்டு பக்கமும் சிலிகோன். அது போதும்.

உறை இன்னும் சரிந்து விழாத ஆரம்பக் கட்டத்தில் இது இவ்வளவு தெளிவாக இருக்காது. மடிப்பின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துளி தெரியும். சாவித்துவாரம் போல இருப்பதால் கீஹோல் சைன். டி2 படத்தில் அந்தத் துளி நீராகவும் இருக்கலாம், சிலிகோனாகவும் இருக்கலாம், இரண்டும் வெள்ளைதான். அதே ஸ்லைஸைத் தண்ணீரை அடக்கிய படத்தில் பாருங்கள். கறுத்துப்போனால் நீர், வெள்ளையாகவே நின்றால் சிலிகோன். அப்படி நின்றாலும்கூட, கிழியாத உறை வழியே ஜெல் கசிந்து இதே தோற்றத்தைத் தரக்கூடும். அங்கே ‘கிழிசலாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் எழுதுவது நேர்மையில்லை.

ரிப்போர்ட் எழுதும்போது கேப்ஸ்யூல் என்ற சொல்லைத் தனியாக விடவே இல்லை. தமிழில் சொன்னால் இப்படி: ‘இடது பக்கம் ஒற்றை அறை சிலிகோன் இம்பிளான்ட். உறை கிழிந்து சரிந்துள்ளது, லிங்குனி சைன் உள்ளது. நார்க்கூட்டுக்கு வெளியே திசுவிலோ அக்குள் கணுக்களிலோ சிலிகோன் காணப்படவில்லை. இன்ட்ராகேப்ஸ்யூலர் ரப்ச்சர். இம்பிளான்டைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே.’ கூடு முழுதாக இருக்கிறது என்று நான் எழுதவில்லை. மெல்லிய கூட்டில் ஒரு சின்ன ஓட்டையை எம்ஆர்ஐ காட்டாமல் போகலாம். வெளியே சிலிகோன் இல்லை என்பதுதான் நான் கண்ணால் கண்டது.

நீர்ப்படலத்தையும் வேண்டுமென்றே எழுதினேன். மெல்லியதாக இருந்தால் கவலையில்லை. ஆனால் வைத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு புதிதாக நிறைய நீர் சேர்ந்தால் ஊசியால் எடுத்து, சிடி30 என்ற புரதத்துக்கான சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். சொரசொரப்பான உறை உள்ளவர்களுக்குக் கூட்டில் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

முதல் ரிப்போர்ட்டில் ‘கேப்ஸ்யூலர் கான்ட்ராக்சர், கிரேடு 3’ என்றும் இருந்தது. கூடு இறுகுவதற்கான பேக்கர் கிரேடு கையால் தொட்டு, கண்ணால் பார்த்துத் தருவது. படத்தில் இம்பிளான்ட் உருண்டையாகத் தெரிகிறது என்று எழுதலாம், கிரேடு போட முடியாது.

ரிப்போர்ட் போன மறுநாள் அவருடைய கணவர் போன் செய்தார். “சார், பழைய ரிப்போர்ட்ல கேப்ஸ்யூல் நல்லாத்தான் இருக்குன்னாங்க. நீங்க கேப்ஸ்யூலர் ரப்ச்சர்னு எழுதியிருக்கீங்க. அப்ப யார் சொல்றது சரி?” ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே, கூட்டுக்கு உள்ளேயே கிழிந்திருக்கிறது, ஜெல் வெளியே வரவில்லை என்று விளக்கினேன். “அப்ப ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் வேண்டாமா?” என்றார். வேண்டாம், சர்ஜனோடு பேசி நிதானமாகத் தேதி வையுங்கள் என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

அறுவையில் கூட்டைத் திறந்ததும் ஜெல் வழிந்திருக்கிறது. உறையின் பின்பக்கத்தில் கிழிசல், படத்தில் வெள்ளை தெரிந்த அதே பக்கம். வெளியே எங்கும் சிலிகோன் இல்லை. புதிய இம்பிளான்டின் ஸ்டிக்கரை, லாட் எண் தெரியும்படி, டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போனிலும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் எஃப்டிஏ 2020இல் மாற்றிய அறிவுரைப்படி, தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் 5 முதல் 6 வருஷத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை. அந்தத் தேதிக்கு எழுத வேண்டிய கடித வாசகத்தையும் அதே பக்கத்தின் அடியில் எழுதிக் கொடுத்தேன்.