தட்டுகள், டிக்கெட் வரிசை, ஐந்து நாற்காலிகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடுதிச் சமையலறையில் கெஞ்சி வாங்கிய பத்து எவர்சில்வர் தட்டுகளோடு முதலாண்டு கணினி வகுப்புக்குப் போனேன். கழுவிய தட்டை மேலே வைக்கிறோம். சாப்பிட வருபவரும் மேலிருந்துதான் எடுக்கிறார். கடைசியாக வந்தது முதலில் போகிறது. நிரலில் தரவுகளை வைத்து எடுக்கும் அடுக்கு என்பது இதுதான். அடித்தட்டைத் தடவிக் காட்டினேன், விரலில் தூசி ஒட்டியது. மேலே உள்ள ஒன்பதும் போகாமல் அதற்கு விடுதலை இல்லை. உச்சி எங்கே என்று சொல்லும் `top` என்ற ஒரே எண் போதும். அரை மணியில் பாடம் முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதலில் வந்தது முதலில் போகும் வரிசையைச் சொல்ல, சேலம் ஜங்ஷனில் டிக்கெட் வாங்குவது போல ஐந்து பேரை நிறுத்தினேன். முன்னால் இருப்பவர் போனதும் மற்றவர்கள் ஓரடி நகர்ந்தார்கள். மாலையில் ஆய்வகத்தில் பார்த்தால், பாதிப் பேர் ஒவ்வொருவரையும் ஓரிடம் முன்னே தள்ளும் நிரலை எழுதியிருக்கிறார்கள்! ஆயிரம் பேர் நின்றால், ஒருவர் போவதற்கு 999 பேர் நகர வேண்டும். பிள்ளைகள் மேல் தப்பில்லை, உவமை என்னுடையது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏற்காடு பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி நடத்துனர் இருக்கை இருக்கையாக வந்து டிக்கெட் கொடுத்தார். பயணிகள் அசையவில்லை, நகர்ந்தவர் அவர்தான். வியாழனன்று நான் தேடியிருக்க வேண்டிய உவமை இதுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு 0 முதல் 4 வரை எண் ஒட்டினேன். டிக்கெட் கொடுப்பவர் நிற்கும் இடம் `front`. அடுத்து வருபவர் உட்கார வேண்டிய இடம் `rear`. டிக்கெட் வாங்கியவர் எழுந்து போய்விடுவார். மூன்று பேர் உட்கார்ந்ததும் `rear` 3. இருவர் போனதும் `front` 2. இன்னும் இருவர் வர 3, 4 நிரம்பின. நேர்கோடாக இருந்தால் இடம் முடிந்தது என்று ஆறாமவரைத் திருப்பி அனுப்பியிருப்போம், 0-வும் 1-உம் காலியாகக் கிடக்கும்போதே. வட்டத்தில் அவர் 0-க்குப் போகிறார். `%` என்பது வகுத்தபின் வரும் மீதி, 4-க்கு அடுத்த 5-ஐ அது 0 ஆக்கிவிடும்:

```
rear = (rear + 1) % 5;
```

அவருக்குப் பின் ஒருவர் 1-இல் உட்கார்ந்தார். நாற்காலிகள் நிறைந்தன. `front` 2, `rear`-உம் 2. "எல்லாரும் போய்விட்டாலும் இரண்டும் ஒன்றாகத்தானே சார் இருக்கும்? காலியா, நிறைந்ததா என்று எப்படித் தெரியும்?" என்றாள் பின்பெஞ்சுப் பெண். நான் நாளைக்கென்று வைத்திருந்த கேள்வி அது.

ஆட்களை எண்ண `count` வைக்கலாம் என்றான் ஒருவன். ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக விட்டால் போதும் என்றாள் அவள். அப்போது நிறைந்ததற்கு அடையாளம் இது:

```
(rear + 1) % 5 == front
```

ஐந்தில் நான்கு பேர்தான் உட்கார முடியும். இடம் வீண் என்று அவன் விடவில்லை. `count`-ஐ ஒரு இடத்தில் கூட்ட மறந்தால் எல்லாமே பொய்யாகிவிடும் என்று அவளும் விடவில்லை. எனக்கு அவள் வழிதான் பிடித்தது, சொல்லவில்லை. வியாழன் ஆய்வகத்தில் இருவரும் எழுதிக் காட்டப் போகிறார்கள். தட்டுகளை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.